ஒல்லி மாப்பிள்ளையும் 44 பைட்டும்

2000-களின் தொடக்கத்தில் நடந்த கல்யாணம் என்றால், அதன் வீடியோ பெரும்பாலும் விசிடியாகத்தான் பீரோவில் இருக்கும். கேசட் போய் டிவிடி பரவலாவதற்கு முந்தைய காலம் அது. அந்த வட்டைக் கணினியில் போட்டால் VCD, CDI, MPEGAV, SEGMENT என்று சில கோப்புறைகள் தெரியும். MPEGAV-க்குள் AVSEQ01.DAT என்று ஒரு கோப்பு, அரை ஜிபி அளவில் உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே கைப்பேசிக்கு அனுப்பினால் திறக்காது. கணினியில் ஏதோ ஒரு பிளேயரில் ஓடவைத்துவிட்டால் வேறொரு வேடிக்கை: மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார். மணப்பெண்ணும் அப்படியே. தாம்பாளத்தட்டு முட்டை வடிவில் நிற்கும். இதே வட்டை அன்று வரவேற்பறை டிவியில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கோப்பு ஏன் திறக்கவில்லை, மாப்பிள்ளை ஏன் இளைத்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை 1993-இல் இருக்கிறது. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து விசிடிக்கான தர நூலை அந்த ஆண்டு வகுத்தன. அதன் அட்டை நிறத்தால் அதற்கு ‘வெள்ளைப் புத்தகம்’ என்று பெயர். பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்த சிடியில், அதன் வேகத்தையோ அளவையோ மாற்றாமல், ஓடும் படத்தை ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை.

பாட்டு சிடி நொடிக்கு 75 கூறுகளைப் படிக்கும். கூறு என்பது வட்டில் தனி முகவரியுள்ள மிகச் சிறிய துண்டு. கணினிக்காரர்கள் செக்டார் என்பார்கள். ஒவ்வொரு கூறிலும் 2,352 பைட் இருக்கும். பாட்டு சிடியில் அவ்வளவும் இசைதான். ஆனால் கணினிக் கோப்புகளை ஏற்றும்போது ஒரு பைட்கூடப் பிசகக் கூடாது. ஒரு எழுத்து மாறினாலும் மென்பொருள் படுத்துவிடும். அதனால் அங்கே ஒவ்வொரு கூறிலும் 276 பைட்டைப் பிழைத்திருத்தத்துக்கென்றே ஒதுக்கினார்கள். கீறல் விழுந்து சில பைட்டுகள் தொலைந்தாலும், இந்த உபரித் தகவலைக் கொண்டு கணக்குப் போட்டு அவற்றை மீட்டுவிடலாம். முகவரி முதலியவையும் போக, பயனுக்கு மிஞ்சுவது 2,048 பைட்.

இந்த 2,048 படத்துக்குப் போதுமா? 75 கூறு, கூறுக்கு 2,048 பைட், பைட்டுக்கு 8 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு 12,28,800 பிட் வருகிறது. விசிடியின் படத்துக்கு மட்டும் சுமார் 11,50,000 பிட் வேண்டும். ஒலிக்கு இன்னொரு 2,24,000. இரண்டும் சேர்ந்து 13,74,000. போதவில்லை. வட்டை வேகமாகச் சுழற்றலாம்தான். ஆனால் பிளேயரின் விலை ஏறும், ஒரு வட்டுக்கு 74 நிமிடம் என்பதும் குறையும். எனவே பொறியாளர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். அந்த 276 பைட் பிழைத்திருத்தத்தை எடுத்துவிட்டு அங்கேயும் படத்தை நிரப்பினார்கள். 2,048 என்பது 2,324 ஆனது. இப்போது நொடிக்கு 13,94,400 பிட். படமும் ஒலியும் உள்ளே வந்துவிட்டன, கொஞ்சம் இடமும் மிச்சம். படத்தில் ஒரு மூலையில் சில பைட் கெட்டால் கண் மன்னித்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லா சிடிக்கும் பொதுவான அடிப்படைப் பிழைத்திருத்தம் கீழே இருக்கத்தான் செய்கிறது; மேல்தளக் காவல் மட்டும் போய்விட்டது.

.DAT என்ற விசித்திரம் பிறந்தது இங்கேதான். விசிடியில் படம் உண்மையில் ஒரு கோப்பே அல்ல. பாட்டு சிடியில் ஒவ்வொரு பாட்டும் ஒரு தடமாக இருப்பதுபோல, படம் இரண்டாவது தடத்திலிருந்து ஓடுகிறது. முதல் தடத்தில் இருக்கும் கோப்பு அட்டவணை, ‘AVSEQ01.DAT இங்கே இருக்கிறது’ என்று இரண்டாம் தடத்தைக் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது, இவை வழக்கமான 2,048 பைட் கூறுகள் அல்ல என்று அட்டவணைக் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்கிறது. உடனே கூறுகளை முழுசாக, 2,352 பைட்டோடு, முகவரியும் ஒட்டுமாக அள்ளி வைக்கிறது. முன்னால் தன் பங்குக்கு 44 பைட் தலைப்பு ஒன்றையும் ஒட்டுகிறது. அந்த 44 பைட் வட்டில் எங்கும் பதிக்கப்படவில்லை! நாம் நகலெடுக்கும் நொடியில் விண்டோஸ் உண்டாக்குவது.

பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் கோப்பைத் திறந்தால் எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்க்கலாம். தொடக்கத்தில் `RIFF` என்று நான்கு எழுத்து. சற்றுத் தள்ளி `CDXA`. அதுதான் விண்டோஸின் முத்திரை. 44 பைட் கடந்ததும் வருவது இது:

```
00 FF FF FF FF FF FF FF FF FF FF 00
```

‘புதிய கூறு தொடங்குகிறது’ என்ற மணியடிப்பு இந்தப் பன்னிரண்டு பைட்டும். அடுத்த நான்கில் நிமிடம், நொடி, நொடிக்குள் எத்தனையாவது கூறு என்று மூன்று எண்களாக முகவரி, பிறகு கூறின் வகை. அதன்பின் எட்டு பைட் துணைக்குறிப்பு. இவ்வளவும் தாண்டித்தான் `00 00 01 BA` என்று உண்மையான படம் தொடங்குகிறது. 2,324 பைட் படம், கடைசியில் 4 பைட் சரிபார்ப்பு எண். மறுபடி மணியடிப்பு. கோப்பு முடியும்வரை இந்த அணிவகுப்பு ஒரு பைட்கூடப் பிசகாது.

இந்த ஒழுங்கை வைத்து, படத்தைத் திறக்காமலேயே அதன் நீளத்தைச் சொல்லிவிடலாம். ஒரு கோப்பின் அளவு 55,38,96,044 பைட் என்று வைத்துக்கொள்வோம். 44-ஐக் கழித்து 2,352-ஆல் வகுத்தால் சரியாக 2,35,500 வருகிறது, மீதியில்லை. அதை 75-ஆல் வகுத்தால் 3,140 நொடி, அதாவது 52 நிமிடம் 20 நொடி. மீதியில்லாமல் வகுபட்டால் விண்டோஸ் வழியாக முழுமையாக வந்த நகல். மீதி விழுந்தால் நகல் பாதியில் அறுந்திருக்கலாம், அல்லது வேறு வழியில் எடுக்கப்பட்டிருக்கலாம். பழைய வன்தட்டில் எப்போதோ நகலெடுத்து வைத்த .DAT கோப்புகளைத் தரம்பிரிக்க இதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது.

‘.DAT-ஐ .mpg என்று பெயர் மாற்றினால் ஓடும்’ என்ற பழைய வித்தை ஏன் பலிக்கிறது என்பதும் இப்போது புரியும். உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற காணொளி வடிவம். அதைப் படிக்கும் மென்பொருள் `00 00 01` என்று தொடங்கும் அடையாளங்களைத் தேடித் தேடிப் போகிறது. நடுவில் வரும் மணியடிப்பையும் முகவரியையும் குப்பை என்று தாண்டிவிடுகிறது. எம்பெக் பொட்டலம் எதுவும் இரு கூறுகளில் பாதிப்பாதியாகப் பிரிந்து கிடக்கக் கூடாது என்று வெள்ளைப் புத்தகம் விதித்திருப்பதால், குப்பை எப்போதும் பொட்டலங்களுக்கு இடையில்தான் வரும், நடுவயிற்றில் வராது. அதனால் பொறுமையான பிளேயர்கள் ஓட்டிவிடுகின்றன. கண்டிப்பான எடிட்டிங் மென்பொருள்களோ முதல் 44 பைட்டிலேயே ‘இது எம்பெக் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். பெயர் மாற்றியதால் கோப்புக்குள் எதுவும் மாறவில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வட்டை அப்படியே பாதுகாக்கிறேன் என்று சிலர் .iso நகல் எடுப்பார்கள். .iso என்பது கூறுக்கு 2,048 பைட் என்ற கணக்கில் கோப்பு வட்டுகளுக்காக ஏற்பட்டது. விசிடியில் அது பெரும்பாலும் முதல் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை விட்டுவிடும். கூறுகளை வெட்டி எடுக்கும் கருவியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 276 பைட் படம் தொலையும். வட்டு முழுவதும் வேண்டுமென்றால் .bin, .cue இணைதான் சரி. லினக்ஸில் அந்த .DAT-ஐ இழுத்துப் போட்டால் படிப்புப் பிழை வருவதும் இதே காரணத்தால்தான். அங்கே vcdxrip என்ற சிறு கருவி தடத்தை நேரடியாகப் படித்து, முகவரியும் ஒட்டும் உரித்த சுத்தமான எம்பெக் கோப்பைக் கையில் தரும்.

இனி, மாப்பிள்ளை.

ffmpeg என்ற இலவச மென்பொருளோடு ffprobe என்ற சோதனைக் கருவியும் வரும். அதற்கு நம் கோப்பைக் காட்டினால் பல வரிகள் ஓடும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு துண்டு. `352x288` என்று இருக்கும். குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி. புள்ளி என்பது பிக்சல். 352-ஐ 288-ஆல் வகுத்தால் 1.22. ஆனால் பழைய டிவித் திரையின் உருவ விகிதம், அதாவது உயரத்துக்கு அகலம் எத்தனை மடங்கு என்பது, 4:3. அது 1.33. இரண்டும் பொருந்தவில்லை. 4:3 வர 288-க்கு 384 புள்ளி இருந்திருக்க வேண்டும். 32 புள்ளி எங்கே போனது?

எங்கும் போகவில்லை. விசிடியின் புள்ளிகள் சதுரம் அல்ல! ஒவ்வொன்றும் கொஞ்சம் அகலமான செவ்வகம். உயரம் 11 என்றால் அகலம் 12. 352-ஐ 12-ஆல் பெருக்கி 11-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 384. கணினித் திரையின் புள்ளிகள் சதுரமானவை. 352 செவ்வகப் புள்ளிகளை 352 சதுரப் புள்ளிகளில் போட்டால் படம் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 8 சதவீதம், ஒடுங்குகிறது. மாப்பிள்ளை இளைத்தது அந்த 8 சதவீதம்தான்.

யாராவது வேண்டுமென்றே செவ்வகப் புள்ளியை வைப்பார்களா? பழைய டிவியில் குறுக்குவாட்டில் புள்ளி என்பதே கிடையாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை எத்தனை வரி என்பது மட்டும்தான் எண்ணிக்கை. ஒவ்வொரு வரியும் இடமிருந்து வலம் தொடர்ந்து ஏறி இறங்கும் மின் அலை. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவற்றில் 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா, ஜப்பானில் 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம். 1982-இல் டிவியை எண்மயமாக்கப் பொதுத் தரம் வகுத்தபோது, இரண்டு உலகத்துக்கும் ஒரே மாதிரியெடுப்பு வேகம் வேண்டும் என்று முடிவாயிற்று: நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரிகள். அந்த வேகத்தில் இரு முறையிலும் கண்ணுக்குத் தெரியும் வரிக்கு 720 புள்ளிகள். வரிகளின் எண்ணிக்கை வேறு, வரிக்குப் புள்ளிகள் ஒன்று. திரையின் வடிவமும் ஒன்று. அப்படியானால் புள்ளி சதுரமாக இருக்க வழியில்லை. 625 வரி உலகில் அது அகன்றது. 525 வரி உலகில் ஒடுங்கியது.

விசிடிக்காரர்கள் இதில் பாதியை எடுத்தார்கள். 720-இல் பாதி 360. ஆனால் எம்பெக்-1 படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகத்தான் வெட்டும். 360 என்பது 16-ஆல் மிச்சமின்றி வகுபடாது. இரு ஓரங்களிலும் நான்கு நான்கு புள்ளியை விட்டால் 352. சரியாக 22 கட்டம். உயரத்தில் நம் முறைக்கு 288, அது 18 கட்டம். அமெரிக்க முறைக்கு 240, அது 15 கட்டம். இனி வருவதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். நம் முறையில் ஒரு ஃபிரேமுக்கு 22 × 18 = 396 கட்டம்; நொடிக்கு 25 ஃபிரேம்; மொத்தம் 9,900. அமெரிக்க முறையில் 22 × 15 = 330 கட்டம்; நொடிக்கு 30; மொத்தம் 9,900. இரு உலகத்துக்கும் பிளேயர் சில்லின் வேலைப்பளு ஒன்றே! எம்பெக்-1 தரமே நொடிக்கு 9,900 கட்டம் என்பதைத் தன் வழக்கமான எல்லையாக எழுதிவைத்தது. ஒரே சில்லைச் செய்து உலகம் முழுவதும் விற்க முடிந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

இப்படி வைத்தாலும் டிவியில் முகம் கெடாததற்குக் காரணம் எளிது. விசிடி பிளேயர் 352 புள்ளியையும் மறுபடி மின் அலையாக்கி, ஒரு வரிக்குரிய நேரத்தில் பரப்பி அனுப்பியது. திரையின் கண்ணாடி 4:3 வடிவில் இருந்தது. புள்ளி தானாகவே அகன்றது. யாரும் எந்த விகிதத்தையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சதுரப் புள்ளி கொண்ட கணினித் திரைக்கு வந்த பிறகுதான் கேள்வியே எழுந்தது.

எம்பெக்-1 இதை முன்பே யோசித்திருந்தது என்பது இன்னும் சுவை. ஒவ்வொரு காணொளியின் தலைப்பிலும் நான்கு பிட் அளவில் புள்ளியின் வடிவத்துக்கு ஒரு குறியெண் உண்டு. 1 என்றால் சதுரம். 8 என்றால் நம் 625 வரிப் புள்ளி. உயரத்தை அகலத்தால் வகுத்தால் 0.9157. 12 என்றால் 525 வரிப் புள்ளி, 1.0950. வட்டைத் தயாரித்த மென்பொருள் 8 என்று ஒழுங்காக எழுதியிருந்தால், ffprobe இப்படிக் காட்டும்:

```
352x288 [SAR 178:163 DAR 1958:1467]
```

178-ஐ 163-ஆல் வகுத்தால் 1.092, நம் 12/11-க்கு மிக அருகில். பின்னால் இருக்கும் பயங்கரமான விகிதமும் வெறும் 1.335-தான், 4:3-க்குப் பக்கத்து வீடு. ஆனால் தெருமுனை ஸ்டுடியோக்களில் கல்யாண வட்டு எழுதப் பயன்பட்ட மென்பொருள்கள் எல்லாம் இவ்வளவு ஒழுங்கு பார்க்கவில்லை. டிவியில் எப்படியும் சரியாகத் தெரியும் என்பதால் 1 என்று எழுதிவிட்டுப் போன வட்டுகளும் உண்டு. அவற்றில் `SAR 1:1 DAR 11:9` என்று வரும். 8 என்று சரியாக எழுதியிருந்தும் அதைப் படிக்காமல் சதுரமாகவே காட்டும் பிளேயர்களும் உண்டு. அதனால் குறியெண்ணை நம்பாமல், படத்தைக் கேட்பதே நல்லது.

படத்தைக் கேட்க ஒரு வட்டம் வேண்டும். கல்யாண வீடியோவில் வட்டத்துக்குப் பஞ்சமில்லை: சுவர்க் கடிகாரம், நேராகப் பிடித்த தாம்பாளம், காரின் சக்கரம். கேமரா நேருக்கு நேர் பார்க்கும் ஒரு ஃபிரேமில் படத்தை நிறுத்தி, அசல் 352 × 288 அளவில் ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, எந்தப் பட மென்பொருளிலும் அளக்கலாம். கடிகாரம் 66 புள்ளி அகலம், 72 புள்ளி உயரம் என்று வந்தால் 66 × 12 ÷ 11 = 72. இது ஒழுங்கான விசிடி. 72-க்கு 72 என்று வந்தால், ஸ்டுடியோவில் யாரோ கணினிக் காட்சியைச் சதுரப் புள்ளியாகவே ஏற்றிவிட்டார்கள். அங்கே திருத்தப்போனால் நாமே கெடுப்போம். வேறு ஏதாவது வந்தால், உயரத்தை அகலத்தால் வகுத்து வருவதுதான் அந்த வட்டுக்கான விகிதம்.

அளந்தாயிற்று. இனி மாற்றுவது. இங்கே பலரும் படத்தை இழுத்து நீட்டுவதில் இறங்கிவிடுவார்கள். முதல் நகலுக்கு அது தேவையே இல்லை. படத்தில் ஒரு புள்ளியையும் தொடாமல், அதைச் சுமக்கும் உறையில் ‘இதை 4:3 ஆகக் காட்டு’ என்று எழுதினால் போதும்:

```
ffmpeg -fflags +genpts -i AVSEQ01.DAT -c copy -aspect 4:3 kalyanam.mkv
```

ffmpeg 44 பைட்டையும் கூறு ஒட்டுகளையும் தானே தாண்டிக்கொள்ளும். `-c copy` என்றால் மறுபடி சுருக்காதே, உள்ளதை அப்படியே எடு என்று பொருள். `+genpts` விட்டுப்போன நேரக்குறிகளை நிரப்பும். ஒரு மணி நேரப் படமும் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். தரத்தில் இழப்பு பூஜ்யம். பாதுகாத்து வைக்க இந்த .mkv நகல்தான் உகந்தது. ஆனால் இதை எல்லாக் கைப்பேசியும் ஓட்டாது. எம்பெக்-1 அவற்றுக்குப் பழங்கதை. உறவினர்களுக்கு அனுப்ப இன்னொரு நகல் வேண்டும்:

```
ffmpeg -i AVSEQ01.DAT -vf "scale=768:576:flags=lanczos,setsar=1" -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k kalyanam.mp4
```

இதில் புள்ளிகள் உண்மையிலேயே சதுரமாகின்றன. 768-ஐ 576-ஆல் வகுத்தால் 4:3. விகிதக் குறிப்பைக் கண்டுகொள்ளாத செயலிகள்கூட இதைச் சரியாகத்தான் காட்டும். 384 × 288 வைத்தாலும் விகிதம் சரிதான், ஆனால் இரு மடங்காக்கும்போது விளிம்புகள் மென்மையாக அமைகின்றன. அமெரிக்க முறை வட்டாக இருந்தால், அதாவது `352x240` என்று வந்தால், 768:576 இருக்கும் இடத்தில் 640:480.

1920 வரை பெரிதாக்கினால் இன்னும் தெளிவாகாதா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. விசிடியில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சராசரியாக 5,750 பைட். சுருக்காத நிலையில் அதே ஃபிரேம் 1,52,064 பைட். எம்பெக்-1 அதை 26-இல் ஒரு பங்காக நசுக்கியிருக்கிறது. தொலைந்த நகைவேலைப்பாட்டைப் பெரிதாக்கல் திருப்பித் தராது. போதாக்குறைக்குப் பழைய டிவியின் நிறக்கணக்கு வேறு, உயர்தெளிவு டிவியின் நிறக்கணக்கு வேறு. படம் பெரிதாக இருப்பதைப் பார்த்தே பல பிளேயர்கள் புதிய கணக்கைப் போட்டுவிடும். குங்குமமும் பட்டுப்புடவையும் சற்றே நிறம் மாறி நிற்கும். 576 வரியோடு நிறுத்திக்கொண்டால் அந்த வம்பு இல்லை.

இன்னொரு வேண்டாத உதவியும் உண்டு. பழைய கேமரா வீடியோ என்றதும், கோடுகோடாகப் பிரியும் அசைவைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வடிகட்டியைப் போடுவார்கள். கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு தவணையாகத்தான் எடுத்தது, உண்மைதான். ஆனால் விசிடி அதில் ஒரு தவணையை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியும் 576 வரியில் பாதி 288 வந்ததே அப்படித்தான். பிரிவதற்கு இரண்டாவது தவணையே இல்லாத படத்துக்கு அந்த வடிகட்டி மங்கலைத்தான் கூட்டும். கையசைவில் நிழல் இரட்டையாகத் தெரிந்தால், ஸ்டுடியோ மென்பொருள் இரு தவணையையும் கலந்து குழைத்திருக்கிறது. அதை இனிப் பிரிக்க முடியாது.

சினிமா விசிடியில் கணக்கு ஒரு படி கூடுகிறது. அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் வைக்க மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டார்கள். 2.35:1 படம் என்றால் 384-ஐ 2.35-ஆல் வகுத்து, 288 வரியில் ஏறக்குறைய 163 வரிதான் படம். மீதி 125 வரியும் வெறும் கருப்பு. இன்றைய அகன்ற டிவியில் இதைப் போட்டால் பக்கவாட்டிலும் கருப்பு சேர்ந்து, நடுவில் சின்னதாகப் படம் மிதக்கும். ரிமோட்டை எடுத்து 16:9 என்று இழுத்துவிட்டால் கதாநாயகன் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார். 72-க்கு 72 இருக்க வேண்டிய சக்கரம் 96-க்கு 72 ஆகும். இழுக்கக் கூடாது, வெட்ட வேண்டும்:

```
-vf "crop=352:164:0:62,scale=768:328:flags=lanczos,setsar=1"
```

மேலே 62 வரியை விட்டு, 164 வரியை எடுக்கச் சொல்கிறது இது. 164-க்கு உரிய உயரம் அதன் இருமடங்கான 328. அகலம் இரு மடங்கும் 12/11-உம் சேர்ந்து வளர்கிறது, உயரம் இரு மடங்கு மட்டும்; இந்த உறவு மாறினால் முகம் மாறிவிடும்.

ஒவ்வொரு வட்டிலும் பட்டையின் உயரம் சற்றே வேறுபடும். ffmpeg-இன் `cropdetect` வடிகட்டி அதை அளந்து சொல்லும். இருட்டுக் காட்சியில் அல்லாமல் பகல் வெளிச்சக் காட்சியில் அளக்க விடுங்கள். தமிழ் வசனத்துக்குக் கீழே துணையெழுத்து ஓடும் வட்டு என்றால் எழுத்து கருப்புப் பட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுவது நல்லது. வட்டில் படம் சற்றே வேகமாக ஓடுவதாகத் தோன்றினால் அதுவும் பிரமை அல்ல. திரையரங்கில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடிய படத்தை, ஒன்றுக்கு ஒன்றாக 25 ஃபிரேம் முறையில் ஏற்றினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டும் சற்றுச் சுருதி ஏறிக் கேட்கும்.

கடைசியில், துறந்துவிட்ட அந்த 276 பைட்டுக்கு வட்டி கட்டும் இடம். கல்யாண வட்டுகள் கடையில் அச்சான வட்டுகள் அல்ல. சாயப்பூச்சில் லேசர் எழுதிய சிடி-ஆர். சாயம் வெயிலில் மங்கும், மேற்பூச்சு கீறும். கோப்பு வட்டாக இருந்தால் மேல்தளப் பிழைத்திருத்தம் பலவற்றை மீட்டிருக்கும். இங்கே அது இல்லை. விண்டோஸில் நகலெடுக்கும்போது ‘Cyclic redundancy check’ என்ற செய்தியோடு பாதியில் நின்றுவிடும். ஆனால் ஒரு கூறு போனால் போவது நொடியில் 75-இல் ஒரு பங்கு மட்டுமே. அதில் கெட்ட சதுரங்கள் அடுத்தடுத்த ஃபிரேம்களில் பரவினாலும், ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை வரும் முழு ஃபிரேம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆகவே கெட்ட கூறைக் கண்டதும் நிற்காமல், அதை வெற்றாக விட்டு அடுத்ததற்குப் போகும் கருவி வேண்டும். ஐசோபஸ்டர் போன்றவை அப்படிச் செய்யும். அதற்கு முன் வட்டை ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அல்ல. தடம் சுழலாக ஓடுவதால் சுற்றுவாக்கில் விழும் புதுக் கீறல் ஒரே இடத்தில் தொடர்ந்து பல கூறுகளைத் தின்னும். நேர்க்கீறல் ஒவ்வொரு சுற்றிலும் நூலளவு மட்டுமே தொடும். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை வேறொரு டிரைவ் படித்துவிடுவதும் உண்டு. பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் டிவிடி எழுதியைத் தூக்கிப் போடுவதற்கு முன் வட்டை அதில் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.